இரண்டு மதிப்பெண்ணில் தொடங்கிய சிக்கல்: ஒரு பள்ளியின் நிகழ்வு ஆய்வு

ஆசிரியர்களின் மூன்று புலம்பல்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. முதல்வர் பக்கபலமாக நிற்பதில்லை, பெற்றோர் நெருக்குகிறார்கள், எழுதி மாளவில்லை. இதை மூன்று தனித்தனிப் பிரச்சினைகளாகத்தான் பேசிக்கொள்வோம். கீழே சொல்லப்போகும் பள்ளியில் நடந்ததைக் கிட்டத்தில் இருந்து பார்த்த பிறகு, மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும் ஒரே சிக்கல் என்றுதான் எனக்குப் படுகிறது. நான் அதே பள்ளியில் வேறு வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவன்; பேச்சு நடந்தபோது சில இடங்களில் உடன் இருந்தேன், மற்றதைச் சம்பந்தப்பட்டவர்கள் சொல்லக் கேட்டேன். ஆட்களையும் பள்ளியையும் அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன்.

பின்னணி

தனியார் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் நான்கு பேர்தான் இந்தக் கதையில் முக்கியம். அவர்களில் அறிவியல் ஆசிரியைதான் வகுப்பாசிரியையும்கூட. முதல்வர் வந்து இரண்டாவது ஆண்டு. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு பெற்றோர் குரலை உயர்த்திவிட்டால் போதும், ஆசிரியரைக் கூப்பிட்டு அந்தப் பெற்றோர் முன்னாலேயே "கொஞ்சம் பார்த்துப் போடுங்க மேடம்" என்று சொல்லிவிடுவார். அது எப்படிப் பட்டது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

அவர் ஏன் அப்படி இருக்கிறார் என்பதற்கான காரணம் பிறகுதான் தெரிய வந்தது. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் நிர்வாகம் அவரிடம் கேட்கும் முதல் கேள்வியே "இந்த மாதம் எத்தனை புகார்?" என்பதுதானாம். புகார் நியாயமானதா, எப்படித் தீர்ந்தது என்பதெல்லாம் அதில் வராது, எண்ணிக்கை மட்டும்தான். அதனால் அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு புகார் வந்தால் ஒரு புதுப் பதிவேடு. வீட்டுப்பாடம் தரவில்லை என்று ஒருவர் சொன்னார், வீட்டுப்பாடப் பதிவேடு வந்தது. பிள்ளை பின்தங்கியதை யாரும் சொல்லவில்லை என்று இன்னொருவர் சொன்னார், சிறப்புப் பயிற்சிப் பதிவேடு வந்தது. நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. பதிவேடு எழுதும் நேரம் விடைத்தாள் திருத்தும் நேரத்திலிருந்துதான் போகும், தாள் தாமதமாகும், தாமதத்துக்கு ஒரு புகார் வரும், அதற்கும் ஒரு பதிவேடு.

நடந்தது என்ன

இடைத்தேர்வு அறிவியல் தாள், மொத்தம் 50 மதிப்பெண். அதில் மின்சுற்று வரையும் கேள்வி ஒன்று, 3 மதிப்பெண். குறியீடுகள் சரியாக இருந்தால் 1, இணைப்பு சரியாக இருந்தால் 2 என்று ஆசிரியை பிரித்து வைத்திருந்தார். ஒரு மாணவன் மின்கலம், சாவி, பல்பு, அம்மீட்டர் எல்லாவற்றையும் அழகாக, ஸ்கேல் வைத்து வரைந்திருக்கிறான். ஆனால் அம்மீட்டரைப் பல்புக்குப் பக்க இணைப்பில் போட்டுவிட்டான். அம்மீட்டர் தொடரிணைப்பில்தான் இருக்க வேண்டும். அதன் மின்தடை மிகக் குறைவு என்பதால், அவன் வரைந்தபடி இணைத்தால் மின்னோட்டம் முழுக்க மீட்டர் வழியாகவே போய் பல்பு எரியாது. குறியீட்டுக்கு 1 மட்டும் கிடைத்தது. மொத்தம் 38. இன்னும் 2 வந்திருந்தால் 40, அதாவது 'ஏ' கிரேடு.

அன்று ராத்திரியே மாணவனின் அப்பா விடைத்தாளைப் படமெடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "இவ்வளவு தெளிவாக வரைந்த படத்துக்கு ஒரு மார்க்கா?" என்று கேள்வி. கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். படம் நேர்த்தியாக இருப்பதுதான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, இணைப்பு தப்பு என்பது தெரியவில்லை. ஆசிரியை அந்தக் குழுவில் பதில் போடவில்லை. அது சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு பிள்ளையின் விடைத்தாளை எழுபது எண்பது பேர் முன்னால் அலச ஆரம்பித்தால் யார் ஜெயித்தாலும் தோற்பது அந்தப் பையன்தான்.

மறுநாள் காலையில் முதல்வர் அறை. அப்பா முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியை விடைக்குறிப்பைக் காட்டினார், ஏன் தப்பு என்பதைச் சொன்னார். முதல்வர் கேட்டுக்கொண்டார். அப்புறம், "சரி மேடம், ரெண்டு மார்க்தானே, பையன் முயற்சி பண்ணியிருக்கான், போட்டுக் கொடுத்துடுங்க" என்றார். இதே தப்பைச் செய்தவர்கள் வகுப்பில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று ஆசிரியை சொன்னதற்கு, "அவங்க கேட்டா பார்ப்போம்" என்று பதில்.

கேட்டார்கள். அந்த வாரத்துக்குள் ஐந்து பெற்றோர் வந்தார்கள். கடைசியில் அதே பிழையைச் செய்த 11 பேருக்கும் 2 மதிப்பெண் கூட்ட வேண்டியதாயிற்று. அம்மீட்டரைச் சரியாக இணைத்து 3 வாங்கிய பிள்ளைகள் "அப்போ எங்களுக்கு என்ன மிஸ்?" என்று வகுப்பில் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஒரு மதிப்பெண் எங்கெல்லாம் போகிறது

இந்த இடத்தில்தான் எழுத்து வேலையின் நிஜமான அளவு வெளியே தெரிந்தது. ஒரு மாணவனின் ஒரு மதிப்பெண் அந்தப் பள்ளியில் ஆறு இடத்தில் பதிவாகிறது: விடைத்தாள் முகப்பு, மதிப்பெண் பதிவேடு, ரேங்க் கார்டு, பள்ளியின் இணையப் பதிவு, பாடவாரிப் பகுப்பாய்வுத் தாள், மாணவர் தனிக் கோப்பு. பதினோரு பேர், ஆறு இடம், ஆக 66 திருத்தம். இணையப் பதிவு அதற்குள் பூட்டப்பட்டிருந்ததால் ஒவ்வொரு மாணவனுக்கும் தனியாகத் திருத்த விண்ணப்பம். பகுப்பாய்வுத் தாளில் சராசரி, கிரேடு எண்ணிக்கை எல்லாம் மாறியதால் அதை முழுசாகத் திரும்ப எழுத வேண்டும். இதெல்லாம் முடிந்த கையோடு "பெற்றோர் தொடர்புப் பதிவேடு" என்று புதிதாக ஒன்றும் வந்து சேர்ந்தது.

அறிவியல் ஆசிரியை அந்த வாரம் இன்னொரு வகுப்பின் விடைத்தாள் கட்டைத் தொடவே இல்லை. அடுத்த வாரம் அந்த வகுப்புப் பெற்றோரிடமிருந்து தாமதத்துக்குப் புகார் வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஸ்டாஃப் ரூமில் முதலில் எழுந்த யோசனை, நேராக நிர்வாகத்திடம் போவது. நான்கு பேரில் மூத்தவரான கணித ஆசிரியர்தான் அதைத் தடுத்தார். முதல்வர் பயப்படுவதே நிர்வாகத்தின் கேள்விக்குத்தான், நாமும் அங்கே போய் இன்னொரு புகாராக நின்றால் அவர் இன்னும் சுருங்கித்தான் போவார், நமக்கு எதிராகத் திரும்பவும் செய்வார் என்பது அவர் வாதம். மாதக் கூட்டத்துக் கேள்வியைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். அதனால் முதல்வரின் பயத்தைக் குறைக்கிற மாதிரி ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று முடிவானது.

முதல் வேலை, நேரத்தை எழுதி வைப்பது. பதிவேடு போதாதென்று இன்னொரு பதிவேடா என்று சிரிப்புதான் வந்தது. ஆனால் அரைத் தாளில் ஐந்து கட்டம் மட்டும்: திருத்துதல், முதல் தடவை பதிதல், பதிந்ததையே திரும்பப் பதிதல், பெற்றோரிடம் பேச்சு, வராதவருக்குப் பதிலாகப் போன பீரியட். இரண்டு வாரம், நான்கு பேரும். வகுப்பு இல்லாத நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூன்றாவது கட்டத்தில், அதாவது ஏற்கெனவே ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்தில் எழுதுவதில் போயிருந்தது. "எழுதி மாளவில்லை" என்று சொன்னால் எந்த முதல்வரும் "எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான்" என்பார். அந்த ஒரு கட்டத்தைத் தனியாகக் காட்டினால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

அடுத்து, ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஒரே கேள்வி: இதை யார், எதற்காகப் படிக்கிறார்கள்? சிறப்புப் பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டியபோது அடுத்தடுத்த இரண்டு வாரத்துக்கும் ஒரே பாடத் தலைப்பு, அதே ஆறு பெயர்கள் தவறுதலாக எழுதப்பட்டிருந்தன. இரண்டு பக்கத்திலும் முதல்வர் கையெழுத்து, பச்சை மையில், தேதியோடு. குறிப்பு எதுவும் இல்லை. யாருமே படிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம், ஆனால் அந்தப் பக்கத்தை முதல்வரிடம் காட்டக் கூடாது என்றும் முடிவு செய்தார்கள். அவரை வெட்கப்படுத்தி எந்தக் காரியமும் ஆகாது.

மூன்றாவதுதான் மையம்: மதிப்பெண் முறையீட்டுக்கு ஒரு நடைமுறை, ஒரே பக்கத்தில். தேர்வுக்கு முன்பே விடைக்குறிப்பும் மதிப்பெண் பிரிப்பும் எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுவது. தாள் கொடுத்த ஐந்து வேலை நாளுக்குள் பெற்றோர் எந்தக் கேள்வி, என்ன காரணம் என்று எழுதித் தருவது. பாட ஆசிரியர் மூன்று நாளில் எழுத்தில் பதில் சொல்வது. அதிலும் திருப்தி இல்லையென்றால் பெயரையும் பழைய மதிப்பெண்ணையும் மறைத்துவிட்டு, அதே பாடம் எடுக்கும் வேறொருவர் தாளை முழுசாகத் திருத்துவது. அவர் போடுவதுதான் இறுதி, கூடினாலும் குறைந்தாலும். ஒரு விடைக்கு மதிப்பெண் மாறினால் அதே விடை எழுதிய எல்லோருக்கும் மாறும்.

"குறைந்தாலும்" என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று ரொம்ப நேரம் பேச்சு நடந்தது. பெற்றோரை மிரட்டுகிற மாதிரி இருக்கும் என்று மொழி ஆசிரியை சொன்னார். ஆனால் கூட மட்டுமே முடியும் என்றால் எல்லோரும் போட்டுப் பார்ப்பார்கள், அது முறையீடாக இருக்காது, லாட்டரியாகிவிடும். வைத்துக்கொண்டார்கள்.

இந்த நடைமுறைக்கு ஆதாரமாகக் கணித ஆசிரியர் ஒரு பழைய ஆவணத்தைக் கொண்டுவந்தார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1966 அக்டோபர் 5-ல் ஏற்றுக்கொண்ட, ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரை. உலக ஆசிரியர் தினம் அந்தத் தேதியில் வருவதே இதனால்தான். அதன் 67-ஆம் பத்தி, பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து செயல்பட எல்லா முயற்சியும் வேண்டும், ஆனால் ஆசிரியரின் தொழில் பொறுப்புக்குள் வரும் விஷயங்களில் பெற்றோரின் நியாயமற்ற தலையீட்டிலிருந்து அவரைக் காக்க வேண்டும் என்கிறது. 68-ஆம் பத்தி, குறை இருக்கும் பெற்றோர் முதலில் முதல்வரோடும் சம்பந்தப்பட்ட ஆசிரியரோடும் பேச வாய்ப்புத் தர வேண்டும், மேலிடத்துக்குப் போகும் புகார் எழுத்தில் இருக்க வேண்டும், அதன் நகல் ஆசிரியருக்குத் தரப்பட வேண்டும் என்கிறது. இது பரிந்துரைதான், பள்ளியைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. ஆனாலும் "நாங்களாக உருவாக்கிய விதி இல்லை சார்" என்று சொல்ல ஒரு பிடிமானம்.

நான்காவது, வாய்மொழி உத்தரவுகள். முதல்வர் அறையில் சொன்னதை, வெளியே வந்ததும் இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்புவது: "இன்று நீங்கள் சொன்னபடி இந்த மாணவரின் மதிப்பெண்ணை இன்ன காரணத்துக்காக மாற்றுகிறேன். நான் புரிந்துகொண்டது சரிதானே?" முதல் தடவை அனுப்பியபோது அரை மணி நேரத்தில் முதல்வரே கூப்பிட்டு "அதை இப்போதைக்கு விட்டுடுங்க" என்றார். இரண்டாவது தடவை கோபப்பட்டார், "நான் பேசுறதையெல்லாம் எழுதி வைக்கிறீங்களா?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிடிக்காத உத்தரவை மட்டும் எழுதி அனுப்பினால் அது வழக்குக்குச் சாட்சி சேர்ப்பது மாதிரிதான் தெரியும். அதற்குப் பிறகு எல்லா முடிவையும், சுற்றுலாத் தேதி, பீரியட் மாற்றம் வரைக்கும், அதே தொனியில் அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் அது சாதாரணமாகிவிட்டது.

முதல்வரிடம் கொண்டுபோனது

நான்கு பேரும் சேர்ந்து போகவில்லை. கணித ஆசிரியர் மட்டும் போனார், காரணம் வெளிப்படையானது: அவருக்கு வேலை நிரந்தரம், அறிவியல் ஆசிரியைக்கு ஆண்டு ஒப்பந்தம். பேச்சை மதிப்பெண்ணில் தொடங்காமல் மாதக் கூட்டத்தில் தொடங்கினார். "நீங்க எண்ணிக்கை சொல்றப்போ, இத்தனை வந்தது, இத்தனை எழுத்தில் தீர்ந்ததுன்னு சேர்த்துச் சொல்லலாம் சார்." அதைக் கேட்ட பிறகுதான் முதல்வர் தாளைக் கையில் எடுத்தாராம்.

நடைமுறையை ஒரு தேர்வுக்கு மட்டும் சோதனையாக ஒப்புக்கொண்டார். பதிவேடுகளில் வீட்டுப்பாடப் பதிவேடும் சிறப்புப் பயிற்சிப் பதிவேடும் நிறுத்தப்பட்டன; பகுப்பாய்வுத் தாளைக் கையால் எழுதாமல் இணையப் பதிவிலிருந்து அச்செடுக்கலாம் என்றானது. மாணவர் தனிக் கோப்பை விட மறுத்துவிட்டார், ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தானாம். வாட்ஸ்அப் குழுவில் இனி பள்ளி மட்டுமே பதிவிடும் என்று அமைப்பை மாற்றியாயிற்று. ஆசிரியரிடம் பேச வாரத்தில் இரண்டு மாலைகள். ராத்திரி அழைப்புகள் குறைந்தன, நிற்கவில்லை.

பிறகு வந்தது

அடுத்த தேர்வுக்கு அந்த வகுப்பிலிருந்து ஏழு முறையீடுகள் எழுத்தில் வந்தன. நான்கு பேர் ஆசிரியரின் எழுத்துப் பதிலோடு திருப்தி ஆகிவிட்டார்கள். "என்ன காரணம்?" என்ற கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தபோதே பாதி தெளிந்துவிட்டது என்று ஒரு அம்மா சொன்னாராம். மூன்று தாள்கள் மறுதிருத்தத்துக்குப் போயின. ஒன்றில் மாற்றமில்லை, ஒன்றில் 1 குறைந்தது.

மூன்றாவது தாள் அதே பையனுடையது. அப்பா ஒரு விளக்க விடைக்கு 2 மதிப்பெண் கேட்டிருந்தார். மறுதிருத்தத்தில் அந்த விடைக்கு எதுவும் கூடவில்லை, ஆனால் நான்காம் பக்கத்து மதிப்பெண் ஒன்று கூட்டலில் விடுபட்டிருந்தது தெரிந்து மொத்தத்தில் 1 கூடியது. அவர் கேட்டது கிடைக்கவில்லை, கேட்காதது கிடைத்தது. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு "சரி மேடம்" என்று கையெழுத்துப் போட்டுப் போனார். கூட்டல் பிழைக்காகச் சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்தோம், வரவில்லை. தன் தாளை யாரோ உட்கார்ந்து முழுசாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம், இது என் ஊகம்தான்.

முதல்வர் மாறிவிட்டாரா என்றால் இல்லை. பெற்றோர் முன்னால் இன்னும் ஆசிரியருக்காக வாய் திறப்பதில்லை. ஆனால் "போட்டுக் கொடுங்க" என்பதற்குப் பதிலாக "படிவம் எழுதிக் கொடுங்க" என்கிறார். நடைமுறையில் அந்த வேறுபாடு பெரிசு. ஆய்வுக்கு ஒரு மாதம் முன்னால் சிறப்புப் பயிற்சிப் பதிவேடு திரும்பி வந்தது, விட்டுப்போன வாரங்களையும் சேர்த்து எழுதச் சொன்னார். நடக்காத தேதியில் நடந்ததாக எழுத மாட்டோம் என்று நால்வரும் ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். அன்று முதல் எழுதினால் போதும் என்று இறங்கி வந்தார்.

அறிவியல் ஆசிரியை ஆண்டு முடிவில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். நடைமுறை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த முதல் நாள் காலையில் அந்த அறையில் உட்கார்ந்திருந்ததை மறக்க முடியவில்லை என்றார். நல்ல ஆசிரியை. இதைப் பள்ளியின் இழப்புக் கணக்கில் யாரும் எழுதவில்லை.

மறுபடி செய்வதானால் மாற வேண்டியவை

விடைக்குறிப்பில் முன்கூட்டியே முதல்வர் கையெழுத்து வாங்குவதை மட்டுமாவது முதல் தேர்விலிருந்தே செய்திருக்கலாம். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, ஒரு தாளை நீட்டினால் போதும். தான் கையெழுத்திட்ட பிரிப்பை மீறச் சொல்வது அவருக்கே சங்கடம்.

நேரக் கணக்கை இரண்டு வாரம் எழுதியது போதும், ஆனால் இரண்டையும் தேர்வு நேரத்திலேயே எழுதியிருக்கக் கூடாது. "அது தேர்வு நேரம், எப்போதும் அப்படி இல்லையே" என்று முதல்வர் ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டார். ஒன்று தேர்வு வாரம், ஒன்று சாதாரண வாரம் என்று எடுத்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

மறுதிருத்தம் செய்பவரின் நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று தாள் என்பதால் சமாளிக்க முடிந்தது. எல்லா வகுப்புக்கும் விரிந்தால் அதுவே ஒரு புதுச் சுமை. இப்போது பேச்சில் இருப்பது, ஒரு தேர்வுக்கு ஒரு ஆசிரியருக்கு இவ்வளவு தாள் என்று ஒரு வரம்பும், அந்த வாரம் அவருக்குப் பதிலி பீரியட் போடாமல் இருப்பதும். பதிலி பீரியட் பட்டியல் போடுபவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொன்று, இது எங்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே முதல்வர் பயந்தவர், அதனால் பயத்தைக் குறைக்கும் வழி எடுபட்டது. வேண்டுமென்றே ஒருவரை ஓரங்கட்டும் முதல்வரிடம் இந்த ஒரு பக்கத் தாள் எடுபடாது, அங்கே எழுத்துப் பதிவுகளோடு மேலிடத்துக்கோ சங்கத்துக்கோ போவதுதான் வழி. நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவர் முன்னால் நிற்கத் தயாராக இல்லாத பள்ளியில் ஒப்பந்த ஆசிரியர் தனியாக இதைத் தொடங்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த ஆண்டு கணித ஆசிரியரும் ஓய்வு பெறுகிறார். அந்தத் தாளை அடுத்து யார் எடுத்துக்கொண்டு போவது என்பதுதான் ஸ்டாஃப் ரூமில் இப்போது ஓடும் பேச்சு.